புள்ளடியும் கையொப்பமும்: கல்வி வரலாற்றில் அளவிடப்படும் மாறிகளின் வரைவிலக்கணம் பற்றிச் சில குறிப்புகள்

1

கார்ல் மார்க்ஸ் 1867இல் வெளியிட்ட மூலதனம் முதற் பாகத்திலே, இங்கிலாந்தின் தொழிற்சாலைச் சட்டங்களின் கல்விப் பிரிவுகளை ஆராயுமிடத்து, தொழிற்சாலைப் பரிசோதகர்களின் அறிக்கைகளிலிருந்து சில செய்திகளை எடுத்துக்காட்டுகின்றார். தொழிற்சாலையில் வேலை செய்யும் பிள்ளைகள் பாடசாலைக்கும் சென்று வருதல் வேண்டுமென்று சட்டம் விதித்தது. பிள்ளை பாடசாலைக்குச் சென்றமைக்குச் சான்று, ஆசிரியர் கையெழுத்திட்டு வழங்கும் அத்தாட்சிப் பத்திரமாகும். ஆயின் 1844ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்துக்கு முன்னர், அப்பத்திரங்களிற் பலவற்றிலே ஆசிரியரின் பெயருக்குப் பதிலாக ஒரு புள்ளடியே காணப்பட்டது. பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்க வேண்டிய ஆசிரியருக்கே எழுதத் தெரியாதிருந்தது.

1844ஆம் ஆண்டுச் சட்டம் இக்குறையைப் போக்க முனைந்தது. பத்திரத்திலுள்ள எண்களை ஆசிரியர் தமது கைப்படவே எழுதுதல் வேண்டும், தமது முழுப்பெயரையும் ஒப்பமிடுதல் வேண்டும் என்று அது விதித்தது. அதன் பின்னரும் நிலைமை எவ்வாறிருந்தது என்பதைப் பரிசோதகர்களே கூறுகின்றனர். ஸ்கொத்லாந்திலே ஒரு பாடசாலையை நடத்திய பெண்மணி, தமது பெயரின் எழுத்துக்களைக் கூறும்படி கேட்கப்பட்டபோது முதலெழுத்திலேயே தவறினார். அவர் ஒப்பமிட்ட பத்திரங்களில் அவரது பெயர் பலவாறாக எழுதப்பட்டிருந்தது. இன்னொரு பாடசாலையில், பதினைந்து அடி நீளமும் பத்து அடி அகலமுங் கொண்ட ஓர் அறையினுள் எழுபத்தைந்து பிள்ளைகள் அடைந்திருக்கக் காணப்பட்டனர். அவர்கள் எல்லோரும் சட்டத்தின் கண்களிற் பாடசாலைக்குச் சென்றவர்களே. அத்தாட்சிப் பத்திரமும் அவர்களுக்குண்டு.

இச்செய்திகளை ஆங்கில முதலாளி வர்க்கத்தின் கபடத்துக்குச் சான்றாகவே நாம் பெரும்பாலும் படித்து வந்துள்ளோம். அவ்வாறு படிப்பது பொருத்தமானதே. எனினும் கல்வி பற்றி எண்ணிக்கை வழியான ஆய்வு செய்வோருக்கு இதிலே இன்னொரு பாடமும் உண்டு. 'பாடசாலை வருகை' என்னும் கருத்தைச் சட்டம் ஒரு செயலாக மாற்றியது. அச்செயல் பத்திரம் பெறுதலாகும். பத்திரங்களை எண்ணினால் வருகையின் அளவு கிடைத்தது. 1844ஆம் ஆண்டுச் சட்டம் மாற்றியமைத்ததும் அச்செயலின் விதிகளையே. அது பத்திரத்தின் உண்மைத்தன்மையை ஓரளவு உயர்த்தியது. ஆனால் அளவிடப்பட்டது முன்போலவே ஓர் அறையினுள் இருந்தமைதான். அங்கு கற்றமை அன்று. முப்பதாண்டுப் பத்திரங்களை எண்ணி, தொழிலாளர் பிள்ளைகளிடையே கல்வி வளர்ந்தது என்று ஒருவர் எழுதுவாராயின், அவருடைய கூட்டல் பிழையற்றதாயிருக்கலாம், முடிவு பிழையானதாகும்.

ஓர் ஆய்வாளர் தாம் கையாளும் கருத்தை எந்தச் செயலினால், எந்த விதிகளின்படி அளந்தார் என்று எழுதிவைப்பதே செயற்பாட்டு வரைவிலக்கணமாகும். இத்தொடரைப் பரப்பியவர் பௌதிகவியலாளரான பிறிஜ்மன். 1927இல் வெளிவந்த நூலில் அவர், ஒரு கருத்தின் பொருள் அதனை அளக்கும் செயல்களின் தொகுதியே என்று வாதிட்டார். அக்கூற்றை அப்படியே ஏற்பது மார்க்சியருக்கு இயலாது. பத்திரம் பெறுதலே கல்வி என்று கொள்ளுதல் தொழிற்சாலை முதலாளியின் நிலைப்பாடாகும். கருத்து, அதனை அளக்கும் செயலினும் விரிந்தது. புறநிலையிலுள்ள ஒரு சமூக உறவை அது சுட்டுகின்றது. ஆனால் இதனாலேயே வரைவிலக்கணத்தின் தேவை குறைந்துவிடுவதில்லை, கூடுகின்றது. செயல் தெளிவாக எழுதப்பட்டிருந்தாலன்றிக் கருத்துக்கும் செயலுக்குமுள்ள இடைவெளியை வாசகர் காணமாட்டார்.

2

இதனை விளக்குதற்கு நான் தெரிந்துகொள்ளும் உதாரணமும் ஒரு புள்ளடியைப் பற்றியதே. ஹாட்விக் பிரபுவின் திருமணச் சட்டம் 1753இல் நிறைவேறி, 1754 மார்ச் 25ஆந் திகதி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறைக்கு வந்தது. திருமணங்கள் அங்கிலிக்கன் கோயிலிலே நடைபெற்றுப் பதிவேட்டில் எழுதப்படுதல் வேண்டும்; மணமகனும் மணமகளும் அதிலே ஒப்பமிடுதல் வேண்டும். எழுதத் தெரியாதவர் புள்ளடியிட, பெயரைக் குருவானவர் அருகில் எழுதினார். யூதருக்கும் குவேக்கருக்கும் மட்டுமே விதிவிலக்கு இருந்தது. சட்டத்தின் நோக்கம் இரகசியத் திருமணங்களைத் தடுத்தல். கல்வியைப் பற்றி அது எண்ணவேயில்லை. ஆயினும் இருநூறாண்டுகள் கழித்து வரலாற்றாசிரியர்களுக்கு அது ஒரு பெருஞ் செல்வமாயிற்று. செல்வரும் ஏழையரும், ஆண்களும் பெண்களும், ஒரே செயலை ஒரே சூழலிற் செய்து விட்டுச்சென்ற சான்று வேறெதிலும் இவ்வளவு பரந்து கிடைப்பதில்லை.

றொஜர் ஸ்கோபீல்ட் என்ற குடித்தொகை வரலாற்றாசிரியர் 1968இல் எழுதிய கட்டுரையொன்றில் இவ்வளவுகோலின் தகுதியை ஆராய்ந்தார். 1973இல் வெளியிட்ட ஆய்விலே, எழுந்தமானமாகத் தெரிந்தெடுத்த 274 கோயிற்பற்றுக்களின் பதிவேடுகளைக் கொண்டு 1750 முதல் 1850 வரையான போக்கை வரைந்தார். அதன்படி பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மணமகன்மாருள் ஏறத்தாழ 40 சதவீதத்தினரும், மணமகள்மாருள் 60 சதவீதத்துக்குச் சற்று மேற்பட்டோரும் ஒப்பமிட முடியாதவர்கள். 1840ஆம் ஆண்டளவில் இவை முறையே 33 ஆகவும் 50 ஆகவும் குறைந்திருந்தன. ஆண்களைப் பொறுத்தவரையில், தொழிற்புரட்சி நிகழ்ந்த ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளில் ஏற்பட்ட முன்னேற்றம் ஏழு புள்ளிகளே.

இந்த ஏழு புள்ளிகளின்மீது நடந்த விவாதம் சிறியதன்று. தொழிற்புரட்சிக்குக் கல்வி முன்தேவையாயிருந்ததா, அன்றித் தொழிற்சாலை வந்து கல்வியை அழித்ததா என்பதே கேள்வி. மைக்கேல் சான்டர்சன் 1972இல், லங்காஷயரிலே தொழிற்புரட்சிக் காலத்தில் எழுத்தறிவு சரிந்தது என்று காட்டினார். தோமஸ் லக்கர் 1974இல் அதனை மறுத்து, சரிவு தொழிற்சாலைகள் எழுமுன்னரே தொடங்கியது என வாதிட்டார். முதலாளித்துவம் உழைக்கும் மக்களுக்கு அறிவைக் கொடுத்ததா, அவர்களிடமிருந்து பறித்ததா என்னும் பெரும் வினா இவ்விடத்தில் ஒரு பதிவேட்டுக் குறியை எவ்வாறு எண்ணுவது என்னும் சிறு வினாவிலே தங்கி நிற்கின்றது.

3

முதலிலே, கையொப்பம் எதனைக் குறிக்கின்றது? ஆய்வுக் கட்டுரையிலே 'எழுத்தறிவு' என்ற தலைப்பிட்ட ஒரு நிரலைக் காணும் வாசகர், வாசிக்கவும் எழுதவும் வல்லவரின் தொகையே அது என்று கொள்வார். ஆனால் எண்ணப்பட்டது தம் பெயரை எழுதியவர் தொகையாகும். இரண்டும் ஒன்றல்ல. அக்கால ஆங்கிலப் பாடசாலைகளில் வாசிப்பு முதலிற் கற்பிக்கப்பட்டது. எழுத்து அதன் பின்னரே கற்பிக்கப்பட்டது. வேலை செய்யத்தக்க வயது வந்ததும் ஏழைப் பிள்ளைகள் பாடசாலையை விட்டகன்றனர். ஆகவே எழுத்துக்கு வருமுன் வாசிப்போடு நின்றவர் பலர். ஸ்கோபீல்ட் இதிலிருந்து ஒரு வரிசையைப் பெற்றார்: ஓரளவாயினும் வாசிக்கக் கூடியோர் தொகை ஒப்பமிட்டோர் தொகையிலும் பெரிது, எழுத்தை வாழ்க்கையிற் கையாளக் கூடியோர் தொகை அதிலும் சிறிது, சரளமாக வாசிக்கக் கூடியோர் தொகை ஒப்பமிட்டோர் தொகையோடு ஏறத்தாழ ஒத்தது.

இது ஓர் ஊகமே. அதனைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு பிரான்சிலே கிடைத்தது. அங்கு 1877 முதல் 1879 வரை, ஓய்வுபெற்ற கல்வி அதிகாரியான லூயி மஜியோலோ, ஏறத்தாழப் பதினாறாயிரம் ஆசிரியர்களைக் கொண்டு திருமணக் கையொப்பங்களை எண்ணுவித்தார். பின்னர் பிரான்சுவா பியூறேயும் ஜாக் ஒசூவும் 1977இல் வெளியிட்ட நூலிலே இத்தொகைகளை 1866ஆம் ஆண்டுக் குடிசன மதிப்போடு ஒப்புநோக்கினர். அக்குடிசன மதிப்பு மக்களை மூன்றாக வகுத்திருந்தது: இரண்டும் அறியாதோர், வாசிக்க மட்டும் தெரிந்தோர், வாசிக்கவும் எழுதவும் தெரிந்தோர். கையொப்பத் தொகை மூன்றாம் வகையினரோடு நெருங்கி இணைந்து சென்றது. வாசிக்க மட்டும் தெரிந்தோரோடு அவ்வாறு செல்லவில்லை. அளவுகோலை வேறொரு சான்றோடு ஒட்டிப் பார்த்து அதன் பொருளை நிறுவுதல் என்பது இதுவே.

பிரான்சிற் பொருந்தியது எங்கும் பொருந்துமென்று கொள்ளலாகாது. சுவீடனில் 1686ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் பின், குருமார் வீடுவீடாகச் சென்று குடும்பத்தினரின் வாசிப்பையும் மறைக்கல்வி அறிவையும் சோதித்துப் பதிவேட்டிற் குறித்தனர். பதினெட்டாம் நூற்றாண்டின் முடிவுக்குள் அங்கு வாசிப்பு ஏறத்தாழ எல்லோருக்கும் உரியதாயிற்று. எழுதத் தெரிந்தவரோ சிலரே. வாசிப்பவன் வேதத்துக்குக் கீழ்ப்படிவான். எழுதுபவன் தன் சொல்லைத் தானே ஆக்குவான். அரசும் திருச்சபையும் முதலாவதை விரும்பின. இரண்டாவதைக் கட்டாயமாக்க அவற்றுக்கு அவசியமிருக்கவில்லை. சுவீடனின் பதிவேட்டை ஒருபுறத்திலும் இங்கிலாந்தின் திருமணப் பதிவேட்டை மறுபுறத்திலும் வைத்து, இரண்டையும் 'எழுத்தறிவு' என்ற ஒரே சொல்லாற் சுட்டி ஒப்பிடும் அட்டவணை, இரு வேறு பொருள்களை ஒரு தராசில் நிறுத்ததாகும். மாறியின் பெயர் அதன் செயலினின்றும் பிறத்தல் வேண்டும். 'எழுத்தறிவு' என்றன்றி 'திருமணக் கையொப்ப வீதம்' என்று நிரலுக்குத் தலைப்பிடுதல் அழகற்றதாயினும் நேர்மையானது.

4

இனி விதிகளுக்கு வருவோம். விளக்கத்தின் பொருட்டு ஒரு கோயிற்பற்றைக் கற்பனை செய்து கொள்கின்றேன். பத்தாண்டுகளில் அங்கு இருநூறு திருமணங்கள் பதிவாயின. மணமகனுக்குரிய இடத்திலே 80 பதிவுகளிற் புள்ளடி உண்டு. 104 பதிவுகளில் எழுத்து உண்டு. ஆயின் அவற்றுள் 6 பெயரின் முதலெழுத்துக்கள் மட்டுமே. எஞ்சிய 16 பதிவுகள் வெறுமையாகவோ ஈரத்தாற் சிதைந்தோ காணப்படுகின்றன. கையொப்ப வீதம் என்ன?

முதலெழுத்துக்களையும் ஒப்பமாகக் கொண்டு, எல்லாத் திருமணங்களையும் அடியெண்ணாக வைத்தால் 200இல் 104. அதாவது 52 சதவீதம். வெறுமையான 16ஐயும் விலக்கினால் 184இல் 104, 56.5 சதவீதம். முதலெழுத்துக்களைப் புள்ளடியோடு சேர்த்து, வெறுமையானவற்றையும் அடியெண்ணில் வைத்தால் 200இல் 98, 49 சதவீதம். இரண்டையும் மாற்றினால் 184இல் 98, 53.3 சதவீதம். பதிவேடு ஒன்றே, எண்ணியவரும் தவறவில்லை. விடை மட்டும் 49 முதல் 56.5 வரை அலைகின்றது. இவ்வலைவு ஏழரைப் புள்ளிகள். தொண்ணூறாண்டுகளில் ஆங்கில ஆண்களிடையே ஏற்பட்ட முன்னேற்றமென மேலே கண்டது ஏழு புள்ளிகள். ஒருவர் ஒரு விதியையும் மற்றவர் வேறொரு விதியையும் எழுதாமலே கையாண்டிருப்பாராயின், அவர்களிருவரின் தொகைகளுக்கு இடையிலுள்ள வேறுபாடு வரலாற்றினுடையதா, விதியினுடையதா என்று சொல்லுதற்கு வழியேயில்லை.

எந்த விதி சரியானது? முதலெழுத்து மட்டும் எழுதியவர் எழுதுகோலைப் பிடிக்கத் தெரிந்தவர். ஆனால் பெயரை எழுதியவரல்லர். பெயர் எழுதுதலே நமது செயலாயின் அவரைப் புள்ளடியோடு சேர்த்தல் தகும். வெறுமையான இடங்களை ஒரே வகையாகக் கொள்ளலாகாது. ஏடு சிதைந்ததனாற் குறி அழிந்திருப்பின், அழிவுக்கும் மணமகனின் கல்விக்கும் தொடர்பில்லை. அவற்றை அடியெண்ணிலிருந்து நீக்குவதால் தீங்கில்லை. ஏடு நன்றாயிருந்தும் இடம் வெறுமையாயிருப்பின், எழுதத் தெரியாத மணமகனிடம் புள்ளடி வாங்கக் குருவானவர் அக்கறைப்படாமையும் காரணமாகலாம். அவற்றையும் நீக்கினால் வீதம் செயற்கையாக உயரும். ஆதலின் இவ்விரு வகைகளையும் வெவ்வேறாகக் குறித்துக்கொண்டு, இரண்டாம் வகையினரைச் சேர்த்தும் நீக்கியும் இரு தொகைகளைத் தருதலே முறை. விதியின் சரிபிழையைப் பற்றி அறிஞர் மாறுபடலாம். எழுதப்பட்ட விதியோடு மாறுபட முடியும். எழுதப்படாத விதியோடு மாறுபடவும் முடியாது.

இன்னொன்று, எண்ணப்படும் அலகு எது என்பது. இருநூறு திருமணங்களில் இருபது மணமகன்மார் தாரமிழந்து மறுமணஞ் செய்வோராயின், அவர்களுட் சிலர் அதே பதிவேட்டில் இரு முறை வருவர். திருமணத்தை அலகாகக் கொண்டால் அவர்கள் இருவராவர். ஆளை அலகாகக் கொண்டால் ஒருவரே. அன்றியும் அவர்கள் வயதில் மூத்தவர்கள். முந்திய தலைமுறையின் கல்வியைச் சுமந்து வருபவர்கள். முதல் திருமணங்களை மட்டுமே கொள்வதாக எழுதிவிட்டால் இவ்விரு சிக்கலும் குறையும்.

விதி போதிய தெளிவுடையதா என்று கண்டறிய எளிய வழியொன்றுண்டு. ஒரே ஏடுகளை இருவரிடம் தனித்தனியே கொடுத்து, விதியை மட்டும் வாசித்துக் குறிக்கச் செய்தல். நூறு பதிவுகளில் ஒவ்வொருவரும் 52ஐ ஒப்பமென்றும் 48ஐப் புள்ளடியென்றும் குறித்து, 94 பதிவுகளில் இருவரும் ஒத்தனர் என்று கொள்வோம். 94 உயர்ந்த தொகைபோலத் தோன்றும். ஆனால் இருவரும் ஏட்டைப் பாராமலே இதே விகிதத்தில் எழுந்தமானமாகக் குறித்திருந்தாலும் ஏறத்தாழப் பாதிப் பதிவுகளில் ஒத்திருப்பர். கோகன் 1960இல் தந்த கப்பா என்னும் அளவை இத்தற்செயல் உடன்பாட்டைக் கழித்து விடுகின்றது:

(0.94 − 0.50) ÷ (1 − 0.50) = 0.88

இது நல்ல உடன்பாடே. எனினும் தொகையிலும் பயனுடையது, மாறுபட்ட ஆறு பதிவுகளையும் எடுத்து வைத்து ஏன் மாறுபட்டனர் என்று பார்த்தல். ஆறும் முதலெழுத்துப் பற்றியனவாயின் விதியில் ஒரு வாக்கியம் குறைகின்றது. ஆறும் மங்கிய மை பற்றியனவாயின் விதியிற் குறையில்லை, ஏட்டிலேயே குறை.

5

சான்டர்சனுக்கும் லக்கருக்கும் இடையிலான விவாதத்தின் உயிர்நிலை காலத்தைப் பற்றியது. பதிவேடு தருவது திருமணமான ஆண்டு. ஆனால் எழுதக் கற்றது திருமண நாளன்று அன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கில ஆண்கள் முதல் திருமணஞ் செய்த சராசரி வயது ஏறத்தாழ இருபத்தைந்து, இருபத்தாறு. எழுத்துப் பயிற்சி கிடைத்திருப்பின் அது பத்து வயதளவிலே கிடைத்திருக்கும். ஆகவே 1785இல் ஒப்பமிட்டவர் எழுதக் கற்றது 1770ஆம் ஆண்டளவிலாகும். ஆர்க்றைற் குறொம்போர்டிலே தமது நீராற்றல் நூற்பாலையை நிறுவியது 1771இல். 1785இல் வீதம் சரிந்ததைக் கண்டு நூற்பாலையைக் குற்றஞ்சாட்டுவோர், அது எழுமுன் பாடசாலையை விட்டு நின்ற பிள்ளைகளையே சான்றுக்கு அழைக்கின்றனர்.

இதனால் தொழிற்சாலை முறை குற்றமற்றதென்று ஆகிவிடாது. அதன் தீமைகளுக்கு மார்க்ஸ் காட்டிய அறிக்கைகளே போதிய சான்று. ஆனால் அத்தீமை கையொப்ப வீதத்திலே தோன்றுமாயின் பதினைந்து ஆண்டுகள் கழித்தே தோன்றும். 'ஆண்டு' என்ற மாறியை வரையறுக்கும்போது திருமண ஆண்டு எது, பாடசாலைப் பருவ ஆண்டு எது, இரண்டுக்கும் இடையே எத்தனை ஆண்டுகள் கழிக்கப்பட்டன என்று கூறாத ஆய்விலே, காரணமும் காரியமும் இடம்மாறி நிற்கக்கூடும். நமது தரப்புக்கு வாய்ப்பான முடிவு என்பதனால் இப்பிழையை நாம் பொறுத்துக்கொள்ளலாகாது. பொறுத்துக்கொண்டோமாயின் எதிர்த்தரப்பார் அந்த ஓரிழையைப் பற்றி வாதம் முழுவதையும் கலைத்துவிடுவர்.

வர்க்கம் என்னும் மாறியிலும் இதே கவனம் வேண்டும். 1837 யூலையில் இங்கிலாந்திற் குடிசார் பதிவுமுறை தொடங்கியபின், திருமணப் பதிவில் மணமகனின் தொழிலும் அவருடைய தந்தையின் தொழிலும் இடம்பெற்றன. ஆய்வாளர் இத்தொழிற்பெயர்களைக் கொண்டு வர்க்கங்களை வகுப்பர். ஆனால் 'நெசவாளர்' என்ற சொல் வீட்டிலே சொந்தத் தறி வைத்திருந்தவரையும், வணிகரின் நூலைப் பெற்றுக் கூலிக்கு நெய்தவரையும், ஆலையின் விசைத்தறியில் வேலை செய்தவரையும் ஒருங்கே சுட்டும். வர்க்கம் உற்பத்திச் சாதனங்களோடுள்ள உறவு. பதிவேடு தருவதோ தொழிலின் பெயர். பெயரிலிருந்து உறவுக்குச் செல்லும் பாதையை ஆய்வாளர் தாமே போடுகின்றார். எந்தச் சொற்களை எந்த வர்க்கத்தில் அடக்கினார், ஐயத்துக்குரியனவற்றை எங்கு வைத்தார் என்னும் பட்டியலை அவர் வெளியிடாவிடின், 'தொழிலாளி வர்க்கத்தினரிடையே எழுத்தறிவு' என்று அவர் தரும் தொகையை ஏற்கவும் இயலாது, மறுக்கவும் இயலாது.

6

இவை யாவும் பழைய ஐரோப்பியப் பதிவேடுகளுக்கே உரியன என்று எண்ணுதல் தவறு. நமது அயலிலே ஓர் உதாரணத்தைச் சொல்லி முடிக்கலாம். இந்தியக் குடிசன மதிப்பு 1881இலும் 1891இலும் மக்களைக் கற்போர், எழுத்தறிந்தோர், எழுத்தறியாதோர் என மூன்றாக வகுத்தது. 1901இல் அது இரண்டாயிற்று. 1911இல், நண்பர் ஒருவருக்குக் கடிதமெழுதி அவருடைய மறுமொழியை வாசிக்கக் கூடியவரே எழுத்தறிந்தவர் என்ற விதி வந்தது. இது திருமணக் கையொப்பத்திலும் மிக உயர்ந்த தகுதியாகும். ஆயின் கணக்கெடுப்பாளர் வீடுதோறும் கடிதம் எழுதுவித்துப் பார்க்கவில்லை, கேட்டறிந்தே எழுதினார். விதி கடிதத்தைச் சொல்கின்றது. செயலோ வினாவுக்கு வீட்டார் அளித்த விடை. செயற்பாட்டு வரைவிலக்கணம் என்பது பின்னதையே குறிக்கும்.

அடியெண்ணிலும் இவ்வாறே. 1971ஆம் ஆண்டு இந்தியக் குடிசன மதிப்பின்படி மொத்தச் சனத்தொகையில் எழுத்தறிந்தோர் 29.45 சதவீதம். ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகளை விலக்கிக் கணக்கிட்டால் அதே கணக்கெடுப்பில் 34.45 சதவீதம். எழுத்தறிந்தோர் தொகையில் ஒருவர்தானும் கூடவில்லை. ஐந்து புள்ளிகள் கூடின. முந்திய கணக்கெடுப்பிலிருந்து முதல்வகைத் தொகையையும் பிந்தியதிலிருந்து இரண்டாம்வகைத் தொகையையும் எடுத்து அருகருகே வைத்தால், ஓர் அரசாங்கம் ஒரு பாடசாலையையும் கட்டாமலே முன்னேற்றங் காட்டிவிடலாம். கைக்குழந்தை எழுத்தறியாதது சமூகக் குற்றமன்றாகையால் இரண்டாவது தொகையே நியாயமானது. ஆனால் நியாயமான தொகையும், எதனோடு ஒப்பிடப்படுகின்றது என்று கூறப்படாவிடிற் பொய்க்கு உதவும்.

ஆகவே மேலே கற்பனை செய்த கோயிற்பற்றைப் பற்றி எழுதும் ஓர் ஆய்வாளர், தமது மாறியைப் பின்வருமாறு வரையறுப்பாராயின் வாசகருக்கு ஐயமிராது: அங்கிலிக்கன் பதிவேட்டில் இடம்பெறும் முதல் திருமணங்களின் மணமகன்மாருள், தமக்குரிய இடத்தில் முழுப்பெயரையோ குடும்பப் பெயரையோ தம் கையால் எழுதியோர் தொகை, ஏடு சிதையாத எல்லாப் பதிவுகளின் சதவீதமாகத் தரப்படுகின்றது, முதலெழுத்து மட்டும் எழுதியோர் புள்ளடியிட்டோராகக் கொள்ளப்பட்டனர், ஏடு சிதையாதிருந்தும் வெறுமையாயுள்ள பதிவுகள் அடியெண்ணில் உள்ளன, அவற்றை நீக்கிய தொகை தனியே தரப்படுகின்றது, காலம் திருமண ஆண்டிலிருந்து பதினைந்து ஆண்டுகள் பின்னகர்த்தப்பட்டுள்ளது, இத்தொகை சரளமான வாசிப்புக்குக் குறிகாட்டியாகக் கொள்ளப்படுகின்றது, எழுத்தை வாழ்க்கையிற் கையாளுதற்கு அன்று.

இவ்வளவு எழுதிய பின்னரும் விடுபட்டவர்கள் உளர். திருமணமே செய்யாதவர்கள், திருமண வயதுக்கு முன் இறந்தவர்கள், கோயிலுக்குச் செல்லாமற் சேர்ந்து வாழ்ந்தவர்கள் ஆகியோரைப் பதிவேடு அறியாது. புள்ளடியிட்ட மணமகளுக்கு நாணம் நேராதிருக்கத் தாமும் புள்ளடியிட்ட மணமகன்மார் உண்டென்ற செய்தியும் உண்டு. அத்தகையோரை எந்த விதியும் மீட்டுத் தராது. ஆனால் வரைவிலக்கணம் எழுதப்பட்டிருப்பின், யார் எண்ணப்பட்டார்கள், யார் எண்ணப்படவில்லை என்பதை வாசகர் அதனைக் கொண்டே அறிந்துகொள்வார். எழுதத் தெரியாத ஆசிரியர் இட்ட புள்ளடியை வருகையாக எண்ணிய கணக்கிலே அந்த வசதி எவருக்கும் இருக்கவில்லை. பத்திரத்தைக் கையிலெடுத்துப் பாடசாலைக்கே நடந்து சென்று பார்த்த பரிசோதகருக்கு மட்டுமே அது வெளிப்பட்டது.